துட்டி கேட்கப் போகாத வீடுகள்

எங்கள் மேலூர்ப் பக்கம் ஒரு சாவு விழுந்தால், துட்டி கேட்கப் போகிறவர்கள் யாரும் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆம்பளைகள் பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பங்காளிகளின் கையைத் தொட்டுவிட்டுப் போய் ஓரமாக உட்காருவார்கள். பொம்பளைகள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கி, உள்ளே போனதும் வீட்டுக்காரியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள், சோறு சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும். பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. நாக்கு வராதவர்களுக்கும் இந்த முறையே பேச்சாகிவிடும்.

ஆனால் இந்த முறை எட்டாத இரண்டு இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, பிறக்கும்போதே அல்லது பிறந்த கையோடு குழந்தை போய்விட்ட வீடு. அங்கே பந்தல் கிடையாது, துட்டி கிடையாது, பதினாறு கிடையாது. இன்னொன்று, நாற்பது ஐம்பது வயது மகனையோ மகளையோ பறிகொடுத்த வயசானவர்கள். அங்கே பந்தல் உண்டு, கூட்டமும் உண்டு. ஆனால் வருகிற ஆறுதலெல்லாம் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடும். பெற்றவர்கள் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டு இடத்திலும்தான் நம் வாயிலிருந்து தாறுமாறாக வார்த்தைகள் வருகின்றன.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஊரில் "நர்சம்மா" என்பார்கள். குழந்தை இறந்த வீட்டுக்கு யார் போகாவிட்டாலும் நாங்கள் போயாக வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு ஒரு படிவம் இருக்கிறது. அப்படிப் போன வீடுகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அழகர்கோவில் போகிற வழியில் ஒரு கிராமம். முதல் பிரசவம், தேதி சித்திரையில். மாமியாருக்கு அழகர் மேல் பக்தி அதிகம், மருமகள் வயிற்றைத் தொட்டுத் தொட்டு "எங்க அழகரு என்ன பண்றாரு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வீட்டில் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பங்குனிக் கடைசியில் ஒருநாள் ராத்திரி அசைவு தெரியவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். துடிப்பு இல்லை. மருந்து கொடுத்து வலி வரவைத்து, மறுநாள் பிரசவம் ஆனது. பையன், இரண்டே முக்கால் கிலோ. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த ரெண்டு நாளில் அந்தப் பெண் காதில் விழுந்த வாக்கியங்களை அவளே பின்னால் எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாமே நல்ல எண்ணத்தில் சொன்னவைதான். "தாய் பிழைச்சதே பெரிசு." "வயசு இருக்கு, அடுத்த வருசமே இன்னொண்ணு பெத்துக்கலாம்." "முகம் பார்த்து வளர்த்து அப்புறம் போயிருந்தா இன்னும் கஷ்டம்ல, இப்பவே போனது நல்லதுன்னு நெனச்சுக்க." வார்டில் வேலை பார்த்தவர்கள் அவளை "ஐ.யு.டி. கேஸ்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வயிற்றுக்குள் இறந்த குழந்தை என்பதற்கு ஆஸ்பத்திரிச் சுருக்கம் அது. அவளுக்கு அந்தச் சுருக்கம் புரியாது, ஆனால் "கேஸ்" புரியும்.

"இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் புழங்குவது அதுதான். சொல்பவருக்குக் குழந்தை இன்னும் எண்ணிக்கைதான்: ஒன்று போச்சு, இன்னொன்று வரும். தாய்க்கோ அது மாதக்கணக்கில் உள்ளே உதைத்த, புளிக்குழம்பு சாப்பிட்டால் துள்ளிய, பெயர் வைத்த ஓர் ஆள். அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த ஆளைப் பற்றிப் பேச்சு தாவுகிறது. தவிர, அடுத்து கர்ப்பம் தரிக்குமா, தரித்தால் இதே நடக்குமா என்ற பயம் அவளுக்கு அந்த நிமிடமே தொடங்கியிருக்கும். நாம் ஆறுதல் என்று நினைத்துச் சொல்வது அவளுக்குப் பயத்தை ஞாபகப்படுத்துகிறது.

குழந்தையின் முகத்தை அவளுக்குக் காட்டவில்லை. "பார்த்தா மனசு தாங்காது" என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இதில் என் கருத்து தெளிவானது: அவளிடம் கேட்க வேண்டும். "பாக்கணுமா தாயி? இப்பவே சொல்ல வேண்டாம், கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லு" என்று கேட்டு, அவள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், வேண்டும் என்றால் துணியில் சுற்றிக் கையில் கொடுக்க வேண்டும். பிடித்து வற்புறுத்துவதும் தப்பு, கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதும் தப்பு. பார்த்தவர்களில் வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஆனால் பார்க்க விடாததை மன்னிக்காதவர்களை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கணவரும் அவருடைய சித்தப்பாவும் மட்டும் போய்க் கண்மாய்க்கரை ஓரமாகப் புதைத்துவிட்டு வந்தார்கள். நம் பக்கத்தில் சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை. ரெண்டு பேர் போதும் என்று விட்டுவிடுவார்கள். மேளம் இல்லை, நீர்மாலை இல்லை, திரும்பி வந்து குளித்தால் முடிந்தது. அப்புறம் அவர் டீக்கடைக்குப் போனபோது ஊரில் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி: "பொண்டாட்டி எப்படிப்பா இருக்கா?" அவர் "இருக்கா" என்பார். நீ எப்படி இருக்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக ஒரு பெரியவர், "நீ தைரியமா இருக்கணும், நீ ஒடஞ்சா அவ என்ன ஆவா" என்று தோளில் தட்டியிருக்கிறார். இந்த வாக்கியத்தை அப்பாக்களிடம் சொல்லவே சொல்லாதீர்கள். ரெண்டு கையிலும் பிள்ளையை ஏந்திக்கொண்டு போய் மண்ணில் வைத்துவிட்டு வந்தவனுக்கு, இனி அழவும் கூடாது என்று உத்தரவு போடுவதாகிவிடுகிறது. "நீயும்தானப்பா பறிகொடுத்திருக்கே" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டீ சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பேசினால் கேட்கலாம். பேசாவிட்டால் டீயைக் குடிக்கலாம்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டியது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்புக்கு வருகிற கட்டளை அது. குழந்தை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று மாருக்குத் தெரியாது, ரெண்டிலிருந்து நாலு நாளைக்குள் பால் வந்துவிடும். மார் கல்லாகிவிட்டது, சட்டை நனைந்தது, அவள் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். அவளுக்கு வலியைவிடப் பெரிய அடி, உடம்பே அவளைக் கேலி செய்வதாகப் பட்டதுதான்.

மாமியார் மல்லிகைப்பூவைச் சரமாகக் கட்டி மாரில் வைத்துத் துணியால் கட்டிவிட்டார். மதுரைப் பக்கத்துக் கிழவிகளுக்குத் தெரிந்த வைத்தியம் இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள், பூவுக்கும் பாலைக் குறைக்கும் தன்மை இருக்கிறது என்று. நான் அதோடு சிலவற்றைச் சொன்னேன்: நன்றாகத் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போட வேண்டும், ஈரத்துணி ஒற்றடம் கொடுக்கலாம், வலி தாங்காவிட்டால் கொஞ்சமாகப் பீச்சிவிடலாம், முழுக்கக் காலி செய்யக் கூடாது, செய்தால் இன்னும் சுரக்கும். காய்ச்சல் வந்தாலோ ஒரு பக்கம் சிவந்து சூடானாலோ டாக்டரிடம் போக வேண்டும். பாலை நிறுத்த மாத்திரையும் உண்டு, பிரசவமான உடனே கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். பிரஷர் அதிகம் இருந்த பெண்களுக்கு ஆகாது, அதனால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வார்த்தைகளைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இது ஏன் என்று கேட்கலாம். பிள்ளை போன மறுநாளே ஒரு வயசான பொம்பளை அந்தப் பெண்ணின் காதருகே போய், "நாளைக்கோ மறுநாளோ பால் வரும் தாயி, பயப்படாதே, இப்படி இப்படிப் பண்ணிக்கலாம்" என்று சொல்வதுதான் அந்த வீட்டில் யாரும் பேசக்கூடிய ஆகச் சிறந்த பேச்சு. கடவுள், விதி, காலம் எல்லாவற்றையும் விட அது உதவும். அந்த வாக்கியத்துக்குள்ளேயே "நீ ஒரு தாய்" என்பதும் இருக்கிறது.

இனி என் படிவத்துக்கு வருகிறேன். குழந்தை இறந்தால் சுகாதாரத் துறை ஆள் வீட்டுக்குப் போய், கர்ப்ப காலத்தில் என்ன நடந்தது, எப்போது அசைவு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எந்த வண்டி, எங்கே தாமதம் என்று கேட்டு எழுத வேண்டும். அடுத்த குழந்தையைக் காப்பாற்றத்தான் இந்தக் கேள்விகள். ஆனால் அவள் காதில் ஒவ்வொரு கேள்வியும் "நீ ஏன் சீக்கிரம் போகலை?" என்றுதான் விழும். அதனால் நான் பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒன்று சொல்வேன்: "இது யார் மேல தப்புன்னு கண்டுபிடிக்கிற காகிதம் இல்ல தாயி. நீ ராத்திரி கவனிச்சே, காலையிலே போனே. அதை நான் எழுதிக்கிறேன்." அப்புறம் முதல் கேள்வியாகக் குழந்தைக்கு வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்பேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

அவள் "அழகரு" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தப் பெயரை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

பெரும்பாலான பெற்றோர் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்று உண்டு: அன்றைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணியைத் தூக்காமல் இருந்திருந்தால், அந்தப் பஸ்ஸில் போகாமல் இருந்திருந்தால். எத்தனையோ பிரசவங்களில் சோதனை எல்லாம் செய்தாலும் காரணம் கிடைப்பதில்லை. ஆகவே பார்க்க வருகிறவர்கள் "ஸ்கேன் எல்லாம் ஒழுங்கா எடுத்தீங்களா?", "பப்பாளி ஏதும் சாப்பிட்டியா?", "கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியா?" என்று துப்பறிய வேண்டாம். பெரிய பிள்ளைகள் விபத்தில் போனாலும் இதே துப்பறிதல்தான், "ஹெல்மெட் போட்டிருந்தானா?" போடவில்லை என்றால் என்ன செய்யப் போகிறோம்?

இன்னொரு காகிதமும் இருக்கிறது. 28 வாரத்துக்கு மேல் ஆகி உயிரில்லாமல் பிறந்த குழந்தையையும் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனிப் படிவம், 21 நாள் கெடு. பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். வீட்டில் நடந்தால் குடும்பம் தகவல் கொடுக்க வேண்டும். உயிரோடு பிறந்து ஒரு மணி நேரத்தில் போயிருந்தால் பிறப்பு, இறப்பு ரெண்டையும் பதிய வேண்டும். இந்த அலைச்சலுக்கு அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். "எதுனாலும் உதவி வேணும்னா சொல்லுங்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யோசித்து வேலை சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்கள். "திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் பைக்கோட வர்றேன், ஆபீஸ்ல நானே பேசிக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பது உதவி.

சரி, கடவுள் பேச்சு. "கடவுளுக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்", "கொடுத்து வச்சது அவ்வளவுதான்", அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று: "போன சென்மத்துக் கடனை வசூலிக்க வந்த பிள்ளை, கடன் தீந்துச்சு, போயிருச்சு." இவற்றை மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்க மாட்டேன். பெற்றவர்களே இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாமியாரே என்னிடம், "எங்கிட்ட பாக்கி வச்சிருந்தாரு போல, வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு" என்றார். அப்போது "ஆமாம்மா" என்று தலையாட்ட வேண்டும், விவாதம் செய்யக் கூடாது. ஆனால் அவர்கள் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் நாம் அதைச் சொன்னால், நீ ஏதோ கடன்பட்டவள், பாவம் செய்தவள் என்று தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிடும். அவர்கள் சாமி மேல் கோபப்பட்டுப் படத்தைத் திருப்பி வைத்தாலும் அப்படித்தான். சாமிக்காக வாதாட நம்மை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் பக்கத்து ஒப்பாரியைக் கேட்டுப் பாருங்கள். இப்போது மைக் செட்டோடு கூலிக்குப் பாடுகிறார்கள், அதை விடுங்கள். வீட்டுப் பொம்பளைகள் பாடுவதில் ஒரு இடத்திலும் "அழாதே" என்று வராது, "காலம் ஆத்தும்" என்று வராது. "நான் பெத்த ராசா" என்று பிள்ளையை நேராகக் கூப்பிட்டு, அவன் என்ன சட்டை போடுவான், எந்த வாசல் வழியாக வருவான், யாருக்கு என்ன வாங்கிவந்தான் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். போனவனைப் பற்றி மட்டும்தான் பேச்சு. படித்தவர்களாகிய நாம் அதை நாகரிகமில்லை என்று விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கையை அனுப்புகிறோம்.

அழகரு கதையில் இன்னொரு வருடம் பாக்கி இருக்கிறது. அடுத்த சித்திரைத் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் தெருவுக்குத் தெரு ரேடியோ செட் கட்டி "அழகரு வாராரு" என்று பாடிக்கொண்டிருக்கும். மலையிலிருந்து அழகர் இறங்கி வைகைக்குப் போகிற வழி அது, மண்டகப்படிக்கு மண்டகப்படி கூட்டம், சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு பொம்பளைகள் நிற்பார்கள். அவள் வீட்டுக்கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். "சாமி மேல கோவம் போல" என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவளுடைய நாத்தனார், கல்லூரிக்குப் போகிற பெண், உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, நம்ம அழகரு இருந்திருந்தா இந்நேரம் தோள்ல உட்கார்ந்து சாமி பார்த்திருப்பான்ல" என்றாளாம். அவள் அழுத அழுகையில் வெளியில் இருந்தவர்கள் ஓடிவந்து, "ஏண்டி ஞாபகப்படுத்துற?" என்று அந்தச் சின்னப் பெண்ணைத் திட்டியிருக்கிறார்கள்.

மருமகளோ பின்னால் என்னிடம் சொன்னது இதுதான்: "நர்சம்மா, ஊரே அவன் பேரை மைக்குல கத்துது. எங்க வீட்டுல ஒருத்தரும் சொல்லலை. அவ ஒருத்திதான் சொன்னா."

பெயரைச் சொல்வது என்கிற இந்த ஒரு காரியத்தில் எங்கள் ஊர் முறை கை கொடுக்காது. செத்தவர் பெயரைச் சொல்லாமல் "அது", "அந்தப் பிள்ளை" என்று சுற்றிப் பேசுவதுதான் பெரியவர்கள் பழக்கம், மரியாதையாக நினைத்துத்தான் அப்படிச் செய்கிறார்கள். பெற்றவர்கள் தாங்களாகப் பெயரைச் சொன்னால் நீங்களும் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முகம் திரும்பினால் விட்டுவிடலாம். பெரும்பாலும் திரும்பாது. தேதிகளை ஒரு காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: போன நாள், பிறந்தநாள், பிறந்திருக்க வேண்டிய நாள். பதினாறாம் நாளோடு எல்லாரும் கலைந்துவிடுவார்கள். மூன்றாவது மாதம் ஒரு போன் வந்தால் அதன் மதிப்பே வேறு.

அடுத்த கர்ப்பத்தில் இன்னொரு சிக்கல். கர்ப்பிணி அட்டையில் நாங்கள் ஜி2 பி1 எல்0 என்று எழுதுவோம். இது ரெண்டாவது கர்ப்பம், ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, உயிரோடு பிள்ளை இல்லை என்று அர்த்தம். அந்த 'எல்0'வைப் பார்க்காமல் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி "முதல் பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்கிற ஆட்கள் உண்டு. நான் அவள் அட்டையின் மேல்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வைத்தேன், எங்கள் நிலையத்தில் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இந்த வேலையில் இருக்கும் தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றைச் செய்யுங்கள். மற்றவர்களுக்கு: ரெண்டாவது குழந்தை பிறந்ததும் "போனவனே திரும்பி வந்துட்டான்" என்று சொல்லாதீர்கள். அம்மாவே சொன்னால் அது வேறு. பிறந்தவள் பெண்பிள்ளை. அவளுக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான், அவ்வளவுதான்.

இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் வருகிறேன். நாற்பத்தெட்டு வயது மகன், ஒத்தக்கடைப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர், நெஞ்சுவலி வந்து ஒரே ராத்திரியில் போய்விட்டார். அப்பாவுக்கு எழுபத்தாறு, அம்மாவுக்கு எழுபது. மூலைக்கு மூலை கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். அவர் மனைவியைச் சுற்றிப் பொம்பளைகள் கூட்டம், அது நியாயம்தான். பேரன் கொள்ளிக்குடம் தூக்கினான். தனக்கு எவன் தூக்குவான் என்று இருந்தாரோ அவனுக்குத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு அந்த அப்பா சேரில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் போய், "பேரன் கையால நெருப்பு கிடைச்சது, குறையில்லாமப் போயிட்டான்" என்றார். இன்னொருத்தர், "பேரப்பிள்ளைக இருக்கே, அதுகளுக்காக நீங்க திடமா இருக்கணும்."

"இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று சின்னப் பெண்ணிடம் சொன்ன அதே வாக்கியம்தான் இது, வயசுக்குத் தக்கபடி மாறியிருக்கிறது. மிச்சம் இருப்பதை எண்ணிக் காட்டுகிறோம். நாற்பத்தெட்டு வயது ஆளாக இருந்தாலும் அந்த அம்மாவுக்கு அவர் முதல் பிரசவம். பெரிய பிள்ளையானால் துக்கம் குறைவு என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அவர்களுக்கோ கூடுதலாக வேறொரு கவலை: இனி மருந்து வாங்கிக் கொடுப்பது யார், மருமகள் வீட்டில் நமக்கு இடம் உண்டா. இதை வாய்விட்டுச் சொன்னால் சுயநலம் என்பார்களோ என்று வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

அங்கே சரியாகப் பேசியவர் பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட ஒரு பையன். அப்பாவின் கையைத் தொட்டுவிட்டுக் காலடியில் உட்கார்ந்து, "ஐயா, வெல்டிங் கண்ணாடி போடாம நான் வேலை பார்த்தேன்னு ஒருநாள் அண்ணன் என்னை அடிச்சிட்டாரு. அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்கு வந்து புரோட்டா வாங்கிக் கொடுத்து மன்னிப்பு கேட்டாரு" என்றான். அந்தப் பெரியவர் அன்றைக்கு முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்து, "சின்னப்புள்ளையிலயே அவன் அப்படித்தான், அடிச்சிட்டு அழுவான்" என்று பேச ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசினார். தன் பிள்ளையைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒரு சம்பவத்தை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் பெற்றவர்களுக்கு அது புதுச் சொத்து. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதைக் கொண்டுபோங்கள். நேரில் போக முடியாதவர்கள் "ஆழ்ந்த இரங்கல்" என்று அனுப்புவதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "மாமா, நேத்துதான் கேள்விப்பட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல. 2011இல் என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் வேலையை அண்ணன் ராத்திரி முழுக்க நின்னு முடிச்சுக் கொடுத்தார். ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்க்க வர்றேன். பதில் போட வேண்டாம்." அந்தக் கடைசி வரி முக்கியம். நூறு பேருக்குப் பதில் போடுகிற வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

பிள்ளை தானாக உயிரை மாய்த்துக்கொண்ட வீட்டில் இதெல்லாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே துட்டிக்கு வருகிறவர்களே பாதியாகிவிடுவார்கள், வந்தவர்களும் குசுகுசுவென்று காரணம் தேடுவார்கள். எப்படி, எங்கே, எதனால் என்று கேட்காதீர்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே" என்றும் சொல்லாதீர்கள், பெற்றவர்கள் அதைத்தான் ராப்பகலாகத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "பெத்தவங்களை நினைச்சுப் பார்க்கலையே" என்று போனவனைத் திட்டினாலும், திட்டு வாங்குவது அவர்கள் பிள்ளை. மற்ற வீட்டுக்கு எப்படிப் போவோமோ அப்படியே போய், கையைத் தொட்டு, அவனைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னால் போதும்.

டாக்டரைப் பார்க்கச் சொல்வது எப்போது என்று என்னிடம் கேட்பார்கள். அழுவதற்கெல்லாம் டாக்டர் வேண்டாம். மாதக்கணக்கில் சாப்பாடு, தூக்கம் சரியாகாமல் இருந்தால், குளிக்காமல் வெளியே வராமல் கிடந்தால், ஒரு வருடம் ஆகியும் முதல் வாரத்தில் இருந்த மாதிரியே இருந்தால் கூட்டிப்போக வேண்டும். "நானும் அவன்கிட்டயே போயிடறேன்" என்பது ஒப்பாரியிலும் வருகிற வரிதான். அதனால் அதைப் பேச்சுவாக்கு என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். தனியாக இருக்கும்போது, "சாகணும்னு நெசமாவே தோணுதா ஆத்தா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்குத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை எடுத்து அப்புறப்படுத்துங்கள், 14416க்கு போன் போடுங்கள். அது டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104லும் பேசலாம். போகச் சொல்லும்போது "உனக்கு மண்டையில ஏதோ ஆயிருச்சு, காட்டிட்டு வா" என்று சொன்னால் யாரும் போக மாட்டார்கள். "ராத்திரி தூங்க முடியலைன்னு சொன்னீல்ல, அதுக்கு மட்டும் கேட்டுட்டு வருவோம், நானும் வர்றேன்" என்றால் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள்.